நூறு பங்கு இருநூறானால் கூடுவது என்ன?

"என்னிடம் ஒரு கம்பெனியின் 100 பங்குகள் இருக்கின்றன. 1:1 போனஸ் அறிவித்திருக்கிறார்கள். ஒரு நண்பர், இலவசப் பங்கு வருகிறது, போனஸ் யாருக்கு என்று கணக்கெடுக்கும் ரெக்கார்டு தேதிக்குள் இன்னும் வாங்கிப் போடு என்கிறார். இன்னொருவர், ஸ்பிளிட்டும் இதுவும் ஒன்றுதான், கையில் ஒன்றும் கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?"

இரண்டாவது நண்பர் சொல்வது முக்கால்வாசி சரி. கையில் ஒன்றும் கூடாது என்பது உண்மை. ஸ்பிளிட்டும் போனஸும் ஒன்றேதான் என்பதில் மட்டும் கொஞ்சம் இடறுகிறார். அந்த மிச்சக் கால்வாசியில்தான் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது. பல வருடம் பங்குத் தரகு அலுவலகத்தில் வாடிக்கையாளர் கணக்குகளைப் பார்த்தவன் நான். இந்தக் கேள்வி வராத மாதம் இருந்ததில்லை.

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அதற்கு 1 கோடி பங்குகள், ஒவ்வொன்றின் முகமதிப்பு, அதாவது பங்கின் மேல் எழுதியிருக்கும் மதிப்பு, 10 ரூபாய். ஆகவே பங்கு மூலதனம் 10 கோடி. பங்குகளை முகமதிப்புக்கு மேல் விற்றபோது வந்த பிரீமியம் 20 கோடி ஒரு கணக்கில் இருக்கிறது. இத்தனை வருட லாபத்தில் பங்குதாரர்களுக்குக் கொடுக்காமல் சேர்த்து வைத்தது 70 கோடி. மூன்றையும் கூட்டினால் பங்குதாரர்களுக்குச் சொந்தமானது 100 கோடி. வருட லாபம் 12 கோடி, சந்தையில் பங்கின் விலை 240 ரூபாய். உங்கள் 100 பங்குகளின் மதிப்பு 24,000 ரூபாய். கம்பெனியில் உங்கள் பங்கு லட்சத்தில் ஒன்று.

இப்போது 1:1 போனஸ். புதிதாக 1 கோடி பங்குகள் அச்சாகின்றன. ஒவ்வொன்றுக்கும் முகமதிப்பு 10 ரூபாய் இருந்தாக வேண்டும், அதாவது 10 கோடி. யாரும் பணம் கட்டவில்லை என்பதால், கம்பெனி தான் சேர்த்து வைத்த லாபமான ரிசர்விலிருந்து 10 கோடியைக் கழித்து மூலதனத்தில் எழுதிக்கொள்கிறது. 70 கோடி 60 ஆகிறது, 10 கோடி 20 ஆகிறது. மொத்தம் அதே 100 கோடி. கணக்கர் ஒரே ஒரு பதிவு போடுகிறார், அவ்வளவுதான். வங்கியில் இருக்கும் பணம் ஒரு ரூபாய்கூட அசையவில்லை, தொழிற்சாலையில் ஒரு இயந்திரம் கூடவில்லை. லாபம் அதே 12 கோடி. ஆனால் அதைப் பங்கிட்டுக்கொள்ள இப்போது 2 கோடி பங்குகள் இருக்கின்றன. ஒரு பங்குக்கு 12 ரூபாயாக இருந்த லாபம் 6 ஆகிறது. உங்களிடம் 200 பங்குகள், மொத்தம் 2 கோடி. கம்பெனியில் உங்கள் பங்கு அதே லட்சத்தில் ஒன்று. விலை 120-க்கு வந்து நிற்கும், கையில் அதே 24,000.

ஸ்பிளிட் என்றால் இந்தப் பதிவுகூடக் கிடையாது. 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கை 5 ரூபாய் முகமதிப்புள்ள இரண்டாக வெட்டுகிறார்கள். மூலதனம் 10 கோடியாகவே இருக்கிறது, ரிசர்வைத் தொடவே இல்லை. பங்குகளின் எண்ணிக்கை, லாபக் கணக்கு, விலை, உங்கள் 24,000 எல்லாம் போனஸில் வந்த அதே இடத்துக்கு வந்து சேரும். சந்தையில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவது இதனால்தான். பேலன்ஸ் ஷீட்டைப் பார்ப்பவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

(சிங்கப்பூர், மலேசியா போல முகமதிப்பு என்ற கருத்தையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்ட நாடுகளில் இந்த வித்தியாசமும் தேய்ந்துபோய்விட்டது. இந்தியாவில் முகமதிப்பு இன்னும் இருப்பதால் நாம் இதைப் பேச வேண்டியிருக்கிறது.)

விகிதத்தைப் படிப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. 2:1 போனஸ் என்றால் வைத்திருக்கும் ஒரு பங்குக்குக் கூடுதலாக இரண்டு, ஆக மொத்தம் மூன்று. அமெரிக்கக் கம்பெனி ஒன்று 2:1 ஸ்பிளிட் என்று சொன்னால் ஒன்று இரண்டாகிறது, மொத்தமே இரண்டுதான். எண்கள் ஒன்றே, விலை இறங்கும் அளவு வேறு. அதனால் விகிதத்தை மட்டும் பார்க்காமல், "என் 100 பங்கு கடைசியில் எத்தனை ஆகும்?" என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

விலை எப்படிச் சரியாகப் பாதியாகிறது என்று பலருக்கும் சந்தேகம். சந்தையில் யாரோ விற்றுத் தள்ளுவதால் அல்ல. போனஸ் உரிமை இல்லாமல் பங்கு கைமாறத் தொடங்கும் எக்ஸ் தேதிக்கு முந்தைய நாள் 240-இல் முடிந்தால், பங்குச் சந்தையே அந்த முடிவு விலையை 120 என்று திருத்திக்கொண்டுதான் மறுநாள் வர்த்தகத்தைத் தொடங்கும். அன்று காலையிலிருந்து வாங்குபவருக்கு போனஸ் கிடையாது என்பதால், 240 கொடுக்க யாருக்கும் காரணமில்லை. அந்தக் காலை நேரம் எங்கள் அலுவலகத்தில் போன் மணி ஓயாது. ஒருமுறை ஒருவர் ஒன்பதே கால் தாண்டிய இரண்டாவது நிமிடத்தில் அழைத்தார். ஆப்பைத் திறந்திருக்கிறார், பங்கு சிவப்பில் ஐம்பது சதவீதம் இறங்கிக் காட்டியிருக்கிறது. "சார், எல்லாத்தையும் விக்கச் சொல்லுங்க" என்றார். போனஸ் பங்குகள் இன்னும் அவர் டிமேட் கணக்குக்கு வரவில்லை. பழைய பங்குகள் மட்டும் பாதி விலையில் திரையில் நிற்கின்றன. பாதிச் சொத்து வழியில் இருக்கிறது, திரைக்கு அது தெரியாது. அன்று அவரைப் பத்து நிமிடம் பேசியே நிறுத்தி வைத்தேன். அந்தக் காலத்தில் போனஸ் பங்கு கணக்குக்கு வந்து விற்கும்படி ஆவதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆனதுண்டு. 2024 அக்டோபர் முதல் அறிவிக்கப்படும் போனஸ்களுக்கு ரெக்கார்டு தேதியிலிருந்து இரண்டாவது வேலை நாளிலேயே வர்த்தகம் தொடங்க வேண்டும் என்று செபி விதி மாற்றிவிட்டது. இடைவெளி குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. அந்த நாட்களில் ஆப் காட்டும் நஷ்டத்தை நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

சரி, அப்படியென்றால் போனஸ் என்ற செய்தி வந்ததும் விலை ஏன் ஏறுகிறது? இங்கேதான் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பங்கின் எண்ணிக்கை கூடுவதால் மதிப்பு கூடாது என்பது வெறும் கணக்கு, அதில் விவாதத்துக்கு இடமில்லை. அறிவிப்பை ஒட்டி விலை ஏறுவது பல சமயம் நடப்பதுதான், அதையும் மறுக்க முடியாது. ஏன் ஏறுகிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு. 1969-இல் ஃபாமா, ஃபிஷர், ஜென்சன், ரோல் என்ற நால்வர் வெளியிட்ட ஆய்வு இதில் முன்னோடி. நியூயார்க் பங்குச் சந்தையில் 1927 முதல் 1959 வரை நடந்த 940 ஸ்பிளிட்களை எடுத்துக்கொண்டார்கள். பெரிய விகிதத்தில் கொடுக்கப்பட்ட போனஸ் பங்குகளையும் ஸ்பிளிட் கணக்கிலேயே சேர்த்தார்கள். அந்தப் பங்குகள் சந்தையை மிஞ்சி ஏறியது பெரும்பாலும் ஸ்பிளிட்டுக்கு முந்தைய மாதங்களில். நடந்து முடிந்த பிறகு சராசரியாகப் பார்த்தால் சந்தையை மிஞ்சிய ஏற்றம் இல்லை. பிறகு டிவிடெண்டைக் கூட்டிய கம்பெனிகளின் விலை நின்றது. கூட்டாமல் ஏமாற்றியவற்றின் விலை இறங்கியது. அதாவது, மக்கள் ஸ்பிளிட்டுக்கு விலை கொடுக்கவில்லை, அதன் பின்னால் வரப்போகும் லாபத்துக்கும் டிவிடெண்டுக்கும்தான் கொடுத்தார்கள் என்று அதைப் படிக்கலாம். பின்னாளில் வந்த சில ஆய்வுகள், ஸ்பிளிட்டுக்குப் பிறகும் சற்றுக் கூடுதல் ஏற்றம் இருந்ததாகக் காட்டின. எனவே "ஏறவே ஏறாது" என்று நான் சொல்ல மாட்டேன். ஏறினால் அதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். கம்பெனி நன்றாக ஓடி விலை உயர்ந்ததால்தான் ஸ்பிளிட் வந்தது. நாம் அதைத் திருப்பிப் போட்டு, ஸ்பிளிட் வந்ததால் விலை உயர்ந்தது என்று படித்துவிடுகிறோம்.

டிவிடெண்ட் என்று வந்துவிட்டதால், போனஸுக்கும் ஸ்பிளிட்டுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் தெரியும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கம்பெனிகள் டிவிடெண்டை முகமதிப்பின் சதவீதமாகவும் அறிவிக்கும் பழக்கம் உண்டு. நம் கற்பனைக் கம்பெனி 40 சதவீதம் கொடுத்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். 10 ரூபாய் முகமதிப்பில் 4 ரூபாய், 1 கோடி பங்குகளுக்கு 4 கோடி. ஸ்பிளிட் ஆன பிறகு அதே 40 சதவீதம் என்றால் 5 ரூபாயில் 2 ரூபாய், 2 கோடி பங்குகளுக்கு அதே 4 கோடி. எதுவும் மாறவில்லை. போனஸில் முகமதிப்பு 10-ஆகவே நிற்பதால், 40 சதவீதத்தை அப்படியே தொடர்ந்தால் பங்குக்கு 4 ரூபாய், மொத்தம் 8 கோடி. இப்போது உங்கள் கைக்கு வரும் பணம் 400-இலிருந்து 800 ரூபாய் ஆகிறது. போனஸை விரும்புகிறவர்கள் சொல்லும் ஒரே நியாயமான வாதம் இதுதான். ஆனால் 12 கோடி லாபத்தில் 8 கோடியைக் கொடுப்பது கம்பெனி தனியாக எடுக்கும் முடிவு. போனஸே கொடுக்காமல் பங்குக்கு 8 ரூபாய் டிவிடெண்ட் என்று அறிவித்திருந்தாலும் உங்களுக்கு அதே 800 ரூபாய் வந்திருக்கும். நான் பார்த்தவரை, பல கம்பெனிகள் போனஸுக்குப் பிறகு சதவீதத்தைக் குறைத்துக்கொண்டு மொத்தத் தொகையைப் பழைய அளவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும். அடுத்த டிவிடெண்ட் அறிவிப்பில் சதவீதத்தைப் பார்க்காதீர்கள், மொத்தம் எத்தனை கோடி என்று பாருங்கள்.

ஒரு விஷயத்தில் போனஸ் கொடுப்பதைவிட எடுப்பதுதான் அதிகம் என்றுகூடச் சொல்லலாம். சேர்த்து வைத்த லாபம் ரிசர்வில் இருக்கும்வரை, கம்பெனி விரும்பினால் அதை டிவிடெண்டாகக் கொடுக்க முடியும். மூலதனத்துக்குப் போன பிறகு முடியாது. மூலதனத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் அதற்கென்று தனி நடைமுறை, அனுமதி எல்லாம் உண்டு. நம் கணக்கில் 70 கோடியாக இருந்த, கொடுக்கக்கூடிய பணம் 60 ஆகிவிட்டது. பெரிய கம்பெனிக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் "லாபத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிட்டோம்" என்று சொல்லிக்கொள்வது பொருந்தாது. இந்தியக் கம்பெனிச் சட்டம், 2013, டிவிடெண்டுக்குப் பதிலாக போனஸ் கொடுக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. போனஸுக்கான தொகை சேர்த்து வைத்த லாபத்திலிருந்தோ, பிரீமியம் கணக்கிலிருந்தோ, பழைய பங்குகளைத் திரும்பப் பெற்றதற்காக ஒதுக்கிய மூலதன மீட்பு ரிசர்விலிருந்தோ வரலாம். நிலம், கட்டடத்தின் மதிப்பை ஏட்டில் உயர்த்தி எழுதியதால் வந்த ரிசர்விலிருந்து வரக் கூடாது. ரிசர்வ் இல்லாத கம்பெனி போனஸ் கொடுக்க முடியாது, ஆனால் தாராளமாக ஸ்பிளிட் செய்யலாம். அதனால் போனஸைப் பலமான கம்பெனியின் அடையாளமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். பிரீமியம் கணக்கு லாபத்தில் சேர்ந்ததல்ல, பங்கு வாங்கியவர்கள் முன்பே கட்டிய பணம். பத்து வருடமாகச் சொல்லிக்கொள்ளும்படி லாபம் பார்க்காத கம்பெனிகூட, பொது வெளியீட்டில் வந்த பிரீமியத்திலிருந்து போனஸ் கொடுத்துவிடலாம். நீங்கள் கட்டிய பணத்தையே பெயர் மாற்றி உங்களுக்குக் கொடுப்பது அது. அறிவிப்பின் கடிதத்தில் எந்த ரிசர்விலிருந்து எவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். சிறு கம்பெனி என்றால் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

வரி விஷயத்தில் இரண்டும் நன்றாகவே வேறுபடுகின்றன. உங்கள் 100 பங்குகளை ஒன்று 200 ரூபாய்க்கு, மொத்தம் 20,000 கொடுத்து வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஸ்பிளிட்டில் வாங்கிய விலை இரண்டாகப் பிரியும். 200 பங்குகள், ஒவ்வொன்றும் 100 ரூபாய், வாங்கிய தேதி பழைய தேதியேதான். 120-க்கு விற்றால் பங்குக்கு 20 ரூபாய் லாபம், மொத்தம் 4,000. போனஸில் அப்படி இல்லை. இந்திய வருமான வரிக் கணக்கில் பழைய 100 பங்குகளின் விலை 200-ஆகவே இருக்கும், போனஸ் பங்குகளின் விலை பூஜ்யம். பழையவற்றை 120-க்கு விற்றால் ஏட்டில் 8,000 ரூபாய் நஷ்டம். புதியவற்றை விற்றால் 12,000 லாபம். இரண்டையும் கூட்டினால் அதே 4,000. ஆனால் இரண்டையும் ஒரே சமயத்தில் விற்காவிட்டால் எந்த வருடத்தில் எவ்வளவு வரி என்பது மாறும். மேலும், போனஸ் பங்குகளை வைத்திருக்கும் காலம் அவை ஒதுக்கப்பட்ட நாளிலிருந்துதான் தொடங்கும். பழைய பங்குகள் ஐந்து வருடமாக உங்களிடம் இருந்தாலும், போனஸ் பங்குகளை 12 மாதத்துக்குள் விற்றால் அது குறுகிய கால லாபம்தான். டிமேட் கணக்கில் முதலில் வந்தது முதலில் போனதாகவே கொள்ளப்படும் என்பதால், 100 பங்கு விற்றால் பழையவைதான் விற்றதாகக் கணக்கு.

அமெரிக்காவில் போனஸ் பங்குகளுக்கும் பழைய விலையையே பிரித்துப் போடுகிறார்கள், ஸ்பிளிட் போலவே. ஒரே நிகழ்வு, ஒரு நாட்டில் ஏட்டில் நஷ்டமும் லாபமும் காட்டுகிறது, இன்னொரு நாட்டில் எதையும் காட்டவில்லை. அந்த 8,000 நஷ்டம் எவ்வளவு நிஜம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இந்த ஏட்டு நஷ்டத்தைப் பயன்படுத்தி வரியைக் குறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கவனம். ரெக்கார்டு தேதிக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வாங்கி, அதன் பின் ஒன்பது மாதத்துக்குள் பழையவற்றை மட்டும் நஷ்டத்தில் விற்று, போனஸ் பங்குகளை வைத்துக்கொண்டால், அந்த நஷ்டத்தை வரிக் கணக்கில் காட்ட முடியாது. அது போனஸ் பங்குகளின் வாங்கிய விலையாகச் சேர்ந்துவிடும். முன்பு பரஸ்பர நிதி யூனிட்களுக்கு மட்டும் இருந்த இந்தத் தடையை 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் பங்குகளுக்கும் நீட்டித்தது. பெரிய தொகை என்றால் விற்பதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கணக்குப் பார்த்தவன், வரி ஆலோசகன் அல்ல.

மதிப்பு கூடாதென்றால் கம்பெனிகள் எதற்காக இவ்வளவு சிரமப்படுகின்றன என்று கேட்கலாம். ஒரு பங்கின் விலை கைக்கு எட்டும் அளவில் இருந்தால் சிறு முதலீட்டாளர் வாங்குவது எளிது, ஊழியர்களுக்குப் பங்கு கொடுப்பதும் எளிது. என்விடியா 2024 ஜூனில் ஒன்றைப் பத்தாக்கியபோது சுமார் 1,200 டாலரில் இருந்த பங்கு 120-க்கு வந்தது. பெர்க்ஷயர் ஹாதவே தன் ஏ வகைப் பங்கை இதுவரை பிரித்ததே இல்லை. ஆனால் 2010-இல் ஒரு ரயில் கம்பெனியை வாங்கியபோது, அதன் சிறு பங்குதாரர்களுக்கும் பணத்துக்குப் பதில் பங்காகக் கொடுக்க வசதியாக பி வகைப் பங்கை ஒன்றுக்கு ஐம்பதாகப் பிரித்தது. சில்லறை மாற்றுவது என்று நாம் சொல்வது இதைத்தான். சில்லறைக்குத் தேவை இருக்கிறது, வசதியும் இருக்கிறது. அதிகம் பேர் வாங்கி விற்பதால் விலை கொஞ்சம் கூடுமா என்பது இன்னும் தீராத விவாதம். கூடினாலும் அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இனி உங்கள் முதல் நண்பர் சொன்ன "இன்னும் வாங்கிப் போடு" விஷயம். ரெக்கார்டு தேதிக்கு முன் 24,000 ரூபாய் போட்டு 240-க்கு 100 பங்குகள் வாங்கினால், போனஸுக்குப் பிறகு 120 விலையில் 200 பங்குகள். காத்திருந்து எக்ஸ் தேதி அன்று அதே 24,000-க்கு வாங்கினாலும் 200 பங்குகள்தான். பின்னால் சொன்ன வழியில் வாங்கினால் எல்லாப் பங்குக்கும் விலை 120 என்று ஒரே மாதிரி பதிவாகும், வாங்கிய தேதியும் ஒன்றாகவே இருக்கும். பூஜ்ய விலைப் பங்கு, மூன்று மாதக் கணக்கு, ஒன்பது மாதக் கணக்கு எதுவும் வேண்டாம். இதுவே 3:5 போன்ற விகிதமாக இருந்து உங்கள் கையில் 33 பங்குகள் இருந்தால் 19.8 என்று வரும். அந்த 0.8-ஐக் கம்பெனி மற்றவர்களின் துண்டுகளோடு சேர்த்து விற்று, பணமாக அனுப்பும். சில வாரம் கழித்து வங்கிக் கணக்கில் ஒரு சின்னத் தொகை வந்தால் அதை டிவிடெண்ட் என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.